வெள்ளி, சனி விடுமுறைக்கு வேலை நாள் கணக்கு: ஃபார்முலாவில் அந்த 7 எங்கே வர வேண்டும்?

இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை வேலை நாட்கள் என்று கண்டுபிடிக்க ஸ்பிரெட்ஷீட்டில் பெரும்பாலோர் கை வைப்பது NETWORKDAYS ஃபார்முலாவில்தான். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, வேண்டுமானால் விடுமுறைப் பட்டியல். இவ்வளவுதான் அது கேட்கும். வார விடுமுறை என்றைக்கு என்று கேட்கவே கேட்காது. சனி, ஞாயிறு என்று தானாகவே முடிவு செய்துகொள்ளும். வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருக்கும் அலுவலகத்தில் இந்த ஃபார்முலா வெள்ளிக்கிழமையை வேலை நாளாகவும், எல்லோரும் வேலைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாகவும் எண்ணிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், இந்தத் தவறு பல நேரம் கண்ணில் படாது. 2026 பிப்ரவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1-ஆம் தேதி ஞாயிறு, 28-ஆம் தேதி சனி, சரியாக நான்கு முழு வாரங்கள். சனி, ஞாயிறு விடுமுறை என்று எண்ணினாலும் 20 வேலை நாட்கள், வெள்ளி, சனி என்று எண்ணினாலும் 20 வேலை நாட்கள். பழைய ஃபார்முலா 20 என்று காட்டும், நீங்கள் காலண்டரில் விரல் வைத்து எண்ணினாலும் 20 வரும், ஃபார்முலா சரி என்று நம்பி அதையே அடுத்த மாதத்துக்கும் இழுத்துவிடுவீர்கள்.

மார்ச்சில்தான் வேறுபாடு வெளியே வரும். அந்த மாதம் 31 நாட்கள், 1-ஆம் தேதி ஞாயிறு. ஞாயிறு ஐந்து, வெள்ளி நான்கு, சனி நான்கு. சனி, ஞாயிறு விடுமுறை என்றால் 31-இல் 9 போய் 22. வெள்ளி, சனி விடுமுறை என்றால் 31-இல் 8 போய் 23. ஒரு நாள் வித்தியாசம். நாள் கணக்கில் சம்பளமோ, வேலை முடிக்க வேண்டிய கெடுவோ இந்த எண்ணைப் பார்த்துத்தான் போடப்படுகிறது என்றால் அந்த ஒரு நாளே போதும், கேள்வி வந்துவிடும்.

இதற்குத் தீர்வாக இருப்பது பெயரின் பின்னால் .INTL சேர்ந்த இரண்டு ஃபார்முலாக்கள். எக்செலில் 2010 பதிப்பிலிருந்து இவை இருக்கின்றன. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் இதே பெயரில் கிடைக்கும். A2-வில் தொடக்கத் தேதி, B2-வில் முடிவுத் தேதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இப்படி எழுத வேண்டும்:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,7)
```

மூன்றாவது இடத்தில் இருக்கும் அந்த 7 தான் வெள்ளி, சனி. இது ஏழு நாட்கள் என்பதையோ வாரத்தின் ஏழாவது நாள் என்பதையோ குறிப்பதில்லை. விடுமுறை ஜோடிகளுக்கு வரிசையாகக் கொடுத்த எண்களில் கடைசி எண், அவ்வளவே. 1 என்றால் சனி, ஞாயிறு. 2 என்றால் ஞாயிறு, திங்கள். அப்படியே ஒவ்வொரு நாளாக நகர்ந்து 6-இல் வியாழன், வெள்ளி வரும், 7-இல் வெள்ளி, சனி வரும். வாரத்துக்கு ஒரே நாள் விடுமுறை என்பவர்களுக்கு 11 முதல் 17 வரை தனி எண்கள் உண்டு. 11 ஞாயிறு மட்டும், 16 வெள்ளி மட்டும், 17 சனி மட்டும். நடுவில் 8, 9, 10 கிடையாது. அவற்றைப் போட்டால் #NUM! என்று பிழை வரும்.

ஃபார்முலாவில் பிரிப்புக் குறியாக நான் காற்புள்ளி போட்டிருக்கிறேன். உங்கள் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து அரைப்புள்ளி கேட்கலாம். ஃபார்முலாவை அடிக்கும்போது கீழே வரும் குறிப்பில் எது தெரிகிறதோ அதையே போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிலர் .INTL-ஐ விட்டுவிட்டு, பழைய ஃபார்முலாவிலேயே 7-ஐச் சேர்த்துவிடுவார்கள்:

```
=NETWORKDAYS(A2,B2,7)
```

எக்செல் இதற்கு எந்தப் பிழையும் காட்டாது. காரணம், பழைய ஃபார்முலாவில் மூன்றாவது இடம் வார விடுமுறைக்கு உரியது அல்ல, பண்டிகை விடுமுறைத் தேதிகளுக்கு உரியது. ஸ்பிரெட்ஷீட்டுக்குள் தேதி என்பதே ஒரு எண்தான் என்பதால், அந்த 7-ஐ அது 1900 ஜனவரி முதல் வாரத்தில் வரும் ஒரு தேதியாக எடுத்துக்கொள்ளும். அந்தத் தேதி உங்கள் கணக்குக்குள் வரப்போவதில்லை, எனவே விடையில் எந்த மாற்றமும் இருக்காது. மார்ச்சுக்கு அதே 22 வரும். 7 போட்டாயிற்று என்ற நிம்மதி மட்டும்தான் மிச்சம். வேறொருவர் செய்த ஷீட் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது ஃபார்முலா பெயரில் .INTL இருக்கிறதா என்பதைத்தான்.

எண்ணுக்குப் பதிலாக ஏழு எழுத்துகள் கொண்ட ஒரு சரத்தையும் கொடுக்கலாம். அதில் 0 என்றால் வேலை நாள், 1 என்றால் விடுமுறை:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,"0000110")
```

முதல் எழுத்து திங்கட்கிழமை. அங்கிருந்து செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கு 0 போகும். ஐந்தாவது வெள்ளி, ஆறாவது சனி, இரண்டும் 1. கடைசியில் ஞாயிறு, அது 0. விடை 7 போட்டதற்கு வருவதேதான். எனக்கு எண்ணைவிட இந்தச் சரம்தான் பிடிக்கும். ஆறு மாதம் கழித்து ஷீட்டைத் திறக்கும் ஒருவருக்கு 7 என்பதற்கு அர்த்தம் தெரிய உதவிப் பக்கத்தைத் தேட வேண்டும். சரத்தை நாளோடு நாள் பொருத்திப் பார்த்துவிடலாம். செவ்வாய், வெள்ளி விடுமுறை போன்ற எந்த எண்ணிலும் அடங்காத ஏற்பாட்டுக்கும் சரம் ஒன்றே வழி.

ஆனால் சரம் திங்களில் தொடங்குகிறது என்பதை மறந்தால் வம்பு. வெள்ளி, சனி விடுமுறை உள்ளவர்களுக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அவர்கள் மனதில் ஓடும் வாரத்தில் வெள்ளியும் சனியும் கடைசி இரண்டு நாட்கள். கை தானாக "0000011" என்று எழுதிவிடும். ஃபார்முலாவுக்கு அது சனி, ஞாயிறு. பிழையும் வராது, பழைய தவறான விடையே திரும்ப வரும். சுவரில் தொங்கும் காலண்டரும் பெரும்பாலும் ஞாயிறில் தொடங்கும் என்பதால் அதைப் பார்த்து எழுதினாலும் இதே கதைதான்.

இந்தச் சரத்தை ஃபார்முலாவுக்குள் எழுதாமல் தனி செல்லில் வைத்து, அதைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். நாளை விடுமுறை நாள் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். F1-இல் வைத்தால் ஃபார்முலாவில் $F$1 என்று வரும். அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்லில் நேரடியாக 0000110 என்று அடித்தால் ஸ்பிரெட்ஷீட் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள நான்கு சுழியங்களையும் விழுங்கிவிடும், 110 மட்டும் நிற்கும். 110 என்ற எண்ணுக்கு எந்த விடுமுறை ஜோடியும் இல்லாததால் #NUM! வரும். செல்லின் வடிவமைப்பை மாற்றி சுழியங்களைத் தெரிய வைத்தாலும் பயனில்லை, உள்ளே இருப்பது 110 தான். அடிக்கும்போதே முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு '0000110 என்று அடியுங்கள், அல்லது அடிப்பதற்கு முன்பே செல்லை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். செல்லில் எழுத்து இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது டெக்ஸ்ட்டாக இருக்கிறது என்று பொருள்.

#NUM! வராமல் #VALUE! வந்தால் காரணம் வேறு. சரத்தில் ஏழு எழுத்துகளுக்குக் கூடவோ குறைவாகவோ இருக்கும், அல்லது 0, 1 தவிர வேறேதோ நுழைந்திருக்கும். 7-ஐ மேற்கோளுக்குள் "7" என்று எழுதினாலும் இதே பிழைதான், ஏனென்றால் அது ஓரெழுத்துச் சரமாகிவிடுகிறது.

சரி, பிழை எதுவும் வரவில்லை, ஆனால் விடை சரிதானா? மாத மொத்தத்தை வைத்துச் சோதித்தால் ஏமாந்து போகலாம். பிப்ரவரி எப்படி ஏமாற்றியது என்று பார்த்தோம். மார்ச்சும் ஏமாற்றும். 7-க்குப் பதில் தவறுதலாக 6 போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள், அதாவது வியாழன், வெள்ளி விடுமுறை. அந்த மாதம் வியாழனும் நான்கு, வெள்ளியும் நான்கு. விடை அதே 23. மொத்தம் சரி, கணக்கு தப்பு.

அதனால் ஒரு நாளை மட்டும் தனியாகக் கேளுங்கள். NETWORKDAYS.INTL தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் சேர்த்தே எண்ணும். இரண்டு இடத்திலும் ஒரே தேதியைக் கொடுத்தால், அது வேலை நாளாக இருந்தால் 1 வரும், விடுமுறையாக இருந்தால் 0 வரும். D2-வில் 2026 மார்ச் 1 என்று போட்டு, கீழே மார்ச் 7 வரை இழுத்து, பக்கத்து செல்லில் இதை எழுதி அதையும் கீழே இழுங்கள்:

```
=NETWORKDAYS.INTL(D2,D2,$F$1)
```

மார்ச் 1 ஞாயிறு என்பதால், மேலிருந்து ஐந்து 1, பிறகு வெள்ளிக்கும் சனிக்கும் இரண்டு 0 வர வேண்டும். வேறு எங்காவது 0 தெரிந்தால் அமைப்பு தவறு. எந்த நாளில் தவறு என்பதும் அதே வரிசையில் தெரிந்துவிடும். இந்த ஏழு வரிகளை ஷீட்டின் ஓரத்தில் அப்படியே விட்டுவைத்தாலும் தப்பில்லை, யாராவது F1-ஐ மாற்றினால் உடனே தெரியும்.

இதுவரை பார்த்தது நாட்களை எண்ணுவது. இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு தேவை உண்டு. இன்றிலிருந்து இத்தனை வேலை நாட்களில் முடியும் என்றால் அது எந்தத் தேதி? அதற்கு WORKDAY.INTL. அதே 7, அதே சரம், அதே மூன்றாவது இடம். 2026 மார்ச் 4 புதன்கிழமை ஒரு வேலை கைக்கு வருகிறது, ஏழு வேலை நாட்களில் முடிக்க வேண்டும் என்று வையுங்கள். தேதி A2-வில் இருக்கிறது:

```
=WORKDAY.INTL(A2,7,"0000110")
```

இதில் முதலில் வரும் 7 வேலை நாட்களின் எண்ணிக்கை. விடுமுறைக்கும் 7 போட்டால் இரண்டு 7 பக்கம் பக்கமாக நின்று குழப்பும் என்பதற்காகவே சரத்தைப் போட்டிருக்கிறேன். கையால் நடந்து பார்ப்போம். இந்த ஃபார்முலா தொடக்க நாளை எண்ணாது, மறுநாளிலிருந்துதான் தொடங்கும். வியாழன் 5 முதல் நாள். வெள்ளி 6, சனி 7 விடுமுறை. ஞாயிறு 8 இரண்டாவது நாள். திங்கள் 9, செவ்வாய் 10, புதன் 11, வியாழன் 12 என்று ஆறு நாட்கள் ஆகின்றன. மறுபடி வெள்ளி, சனியைத் தாண்டி, ஏழாவது நாள் ஞாயிறு, மார்ச் 15.

பழைய WORKDAY ஃபார்முலாவைப் போட்டிருந்தால்? வியாழன் 5, வெள்ளி 6, திங்கள் 9 முதல் வியாழன் 12 வரை நான்கு நாட்கள், ஏழாவது நாளாக வெள்ளி 13 வந்து நிற்கும். அலுவலகமே மூடியிருக்கும் நாளில் கெடு. இதே கணக்கை ஏழுக்குப் பதில் ஐந்து வேலை நாட்களுக்குப் போட்டிருந்தால் இரண்டு ஃபார்முலாவும் மார்ச் 11 என்றே சொல்லியிருக்கும். வாரத்துக்கு ஐந்து வேலை நாட்கள் என்பதால், இரண்டு ஏற்பாட்டிலும் வேலை நாளாக உள்ள ஒரு புதனிலிருந்து ஐந்து நாள் நகர்ந்தால் அடுத்த புதன்தான். ஐந்து, பத்து என்று ஐந்தின் மடங்கைப் போட்டுச் சோதிப்பவர்களிடம் இந்தத் தவறு இப்படித்தான் தப்பித்துக்கொள்கிறது. இந்தப் புதனிலிருந்து என்றால் இரண்டு, ஏழு போன்ற எண்களை வைத்துச் சோதியுங்கள்.

விடையில் தேதிக்குப் பதில் 46096 என்று ஒரு எண் தெரிந்தால் பதற வேண்டாம். மார்ச் 15-க்கு ஸ்பிரெட்ஷீட் உள்ளே வைத்திருக்கும் எண்தான் அது. செல்லைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இதே ஃபார்முலாவில் ஒரு சின்ன வித்தை உண்டு. ஏதோ கணக்கில் வந்த தேதி விடுமுறை நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும், வேலை நாளாக இருந்தால் அப்படியே விட வேண்டும். ஒரு நாள் பின்னால் போய், ஒரு வேலை நாள் முன்னால் வந்தால் போதும்:

```
=WORKDAY.INTL(A2-1,1,"0000110")
```

A2-வில் வெள்ளி மார்ச் 6 இருந்தால் வியாழனுக்குப் போய் அங்கிருந்து ஒரு வேலை நாள் நகர்ந்து ஞாயிறு 8-இல் நிற்கும். A2-வில் வியாழன் 5 இருந்தால் புதனுக்குப் போய்த் திரும்ப வியாழனுக்கே வந்துவிடும்.

பண்டிகை விடுமுறைகள் நான்காவது இடத்தில் வரும், இரண்டு ஃபார்முலாவிலும். தேதிகளை H2 முதல் H20 வரை எழுதிவைத்தால்:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,$F$1,$H$2:$H$20)
```

டாலர் குறிகள் இல்லாவிட்டால் கீழே இழுக்கும்போது பட்டியலும் சேர்ந்து இறங்கி, மேலே உள்ள தேதிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். வரம்பில் காலி செல்கள் இருக்கலாம், ஆனால் தலைப்பு எழுதிய செல்லைச் சேர்க்காதீர்கள்.

பண்டிகை நாள் வார விடுமுறையிலேயே விழுந்தால் அது இரண்டு முறை கழிக்கப்படாது. மார்ச் 8 ஞாயிறும் மார்ச் 13 வெள்ளியும் பட்டியலில் இருப்பதாக வையுங்கள். வெள்ளி ஏற்கெனவே விடுமுறை, ஞாயிறு மட்டும் கழியும், 23 என்பது 22 ஆகும். சனி, ஞாயிறு என்று தவறாக அமைத்த ஷீட்டில் ஞாயிறு ஏற்கெனவே விடுமுறை, வெள்ளி கழிந்து 22 என்பது 21 ஆகும். இரண்டிலும் ஒரு நாள்தான் குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்த நாள் வேறு. முன்பு பார்த்த ஏழு நாள் கெடுவுக்கும் இந்தப் பட்டியலைச் சேர்த்தால், ஞாயிறு 8 எண்ணப்படாமல் போய், முடிவு திங்கள் மார்ச் 16-க்குத் தள்ளிப்போகும்.

இந்த அமைப்புக்கு எட்டாத இடங்களும் உண்டு. சரத்தில் 0, 1 இரண்டுதான், அரை நாளுக்கு இடமில்லை. வெள்ளி அரை நாள் வேலை, சனி, ஞாயிறு விடுமுறை என்று இருந்தால் முதலில் வெள்ளியை முழு வேலை நாளாக எண்ணி, பிறகு வெள்ளிக்கிழமைகளை மட்டும் தனியே எண்ணிப் பாதியைக் கழிக்க வேண்டும். வெள்ளியைத் தவிர மற்றதெல்லாம் விடுமுறை என்று சொன்னால் வெள்ளிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும்:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,1)-NETWORKDAYS.INTL(A2,B2,"1111011")/2
```

மார்ச்சுக்கு இது 22-இல் 2 போய் 20. வெள்ளி எப்போதும் விடுமுறை, சனி மட்டும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்ற ஏற்பாட்டுக்கு எண்ணும் உதவாது, சரமும் உதவாது, ஏனென்றால் இரண்டும் எல்லா வாரமும் ஒன்றுபோல என்றே நினைக்கும். அங்கே 16 என்று வெள்ளியை மட்டும் விடுமுறையாக வைத்து, விடுமுறை வரும் சனிக்கிழமைகளைத் தேதி தேதியாகப் பண்டிகைப் பட்டியலில் சேர்த்துவிடுவதுதான் நேர்வழி.

வார விடுமுறையே இடையில் மாறிப்போகும் நிலையும் இப்படித்தான். ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய அரசு அலுவலகங்களில் வெள்ளி, சனி என்று இருந்த விடுமுறை 2022 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாறியது, வெள்ளி அரை நாள் வேலையானது. அந்தத் தேதியைத் தாண்டிப் போகும் ஒரு கணக்கை ஒரே ஃபார்முலாவில் போட முடியாது. 2021 டிசம்பர் 31 வரை 7, ஜனவரி 1 முதல் 1 என்று இரண்டாக உடைத்துக் கூட்ட வேண்டும்:

```
=NETWORKDAYS.INTL(A2,DATE(2021,12,31),7)
 +NETWORKDAYS.INTL(DATE(2022,1,1),B2,1)
```

A2-வில் 2021 டிசம்பர் 19, B2-வில் 2022 ஜனவரி 13 இருந்தால் முதல் பாதி 10, இரண்டாவது பாதி 9, மொத்தம் 19. முழுவதற்கும் 7 என்றே விட்டிருந்தால் 20 வரும். ஜனவரி 7 வெள்ளியின் அரை நாளையும் கழித்தால் 18.5. உடைக்கும் தேதியை இரண்டு பாதியிலும் ஒரே தேதியாக எழுதிவிடாதீர்கள். இரு முனையும் சேர்ந்தே எண்ணப்படும் என்பதால், அது வேலை நாளாக இருக்கும் பட்சத்தில் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும்.